நிறுத்தி வைத்த விதி

பங்கு வாங்கி விற்க எனக்கு ஒரு விதி இருக்கிறது. அதன் இருப்பைக் கொப்பியில் கோடாக வரைவேன். கோடு தன் கடைசி 100 வியாபாரங்களின் சராசரிக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முடிவெடுத்தேன்.

1,12,000 ரூபாயில் கோடு கீழே போனது, நிறுத்தினேன். அப்போது கணக்குப் பாட சேர் கேட்டார்: "காசு அசையாம இருந்தா கோடும் படுத்துதானே கிடக்கும்? எப்ப திரும்பத் தொடங்குவீங்க?"

சரியான கேள்வி. சராசரி தானாக இறங்கி அந்தத் தட்டைக் கோட்டிடம் வரும். விதி தேறிவிட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. அதனால் காசு போடாமல் விதியைத் தாளில் தொடர்ந்து ஓடவிட்டேன். சராசரியையும் அந்தத் தாள் கோட்டிலிருந்தே எடுத்தேன்.

தாளில் 1,04,000 வரை விழுந்து, 1,09,500இல் சராசரியைத் தாண்டியது. மீண்டும் தொடங்கினேன். நான் தப்பித்தது 8,000 அல்ல. ஏறிவந்த 5,500ஐயும் தவறவிட்டேன். மிச்சம் 2,500தான்.

அடுத்த முறை 1,16,000இல் நிறுத்தினேன். அடுத்த ஒரே வியாபாரத்தில் தாள் கோடு 1,19,000க்குப் பாய்ந்தது. 3,000 போச்சு. இரண்டையும் கூட்டினால், தரகுக் கூலிக்கு முன்பே 500 நட்டம்.

நட்டங்கள் அடுத்தடுத்துக் கூட்டமாக வரும் விதிக்கே இந்த நிறுத்தம் உதவும். நட்டத்துக்குப் பிறகு உடனே இலாபம் வரும் விதியில், நாம் நிறுத்துவது நல்ல வியாபாரத்தைத்தான். நிறுத்துமுன் பழைய கணக்கைப் புரட்டி, உங்கள் விதி எந்த வகை என்று பாருங்கள்.