அவன் எப்ப அவர் ஆனார்? ஒரு கதை, இரண்டு தமிழ்

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது. கத்தோலிக்க நண்பர்களைக் கேட்டால் ‘ஊதாரி மைந்தன்’ என்பார்கள். மற்றச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அது ‘கெட்ட குமாரன்’. சேர்ச்சுக்கே போகாதவர்களுக்கும் கதை தெரிந்திருக்கும். இளைய மகன் தகப்பன் உயிரோட இருக்கேக்கையே தன் பங்கைக் கேட்டு வாங்குகிறான். தூர தேசம் போய் எல்லாத்தையும் அழிக்கிறான், பஞ்சம் வருகிறது, பன்றி மேய்க்கிறான், திரும்பி வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து விருந்து வைக்கிறார். வயலில் இருந்து வந்த மூத்தவன் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. 11ஆம் வசனத்தில் தொடங்கி 32இல் முடிகிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு சபைக்காரரும் இருப்பதால் இரண்டு புத்தகம் மேசைக்கு வந்தது. ஒன்று 1871இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் செய்த மொழிபெயர்ப்பு. கையில் கறுப்பு மட்டையோடு கொண்டு போகும் ‘பரிசுத்த வேதாகமம்’ பெரும்பாலும் இதுதான். (நாவலர் கைவைத்த வேதாகமம் வேறு. பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து அவர் உழைத்த அந்தப் பதிப்பு 1850இல் வந்தது. அதைப் பற்றிப் பேந்து ஒருநாள் கதைப்பம்.) மற்றது 1995இல் வந்த ‘திருவிவிலியம்’, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் சேர்ந்து செய்தது. கிரேக்க மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டுகிற ஒரு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கும் கிரேக்கம் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்க்க அது போதும்.

முதல் பார்வைக்கு வித்தியாசம் வடமொழிச் சொற்களில்தான் தெரியும். பவரில் ஆஸ்தி, வஸ்திரம், பாதரட்சை. திருவிவிலியத்தில் சொத்து, ஆடை, மிதியடி. இதில் எங்களுக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. பாதரட்சை என்றாலும் மிதியடி என்றாலும் நாங்கள் காலில் போடுவது செருப்புத்தான்.

பெரிய வித்தியாசம் வினைமுற்றில் இருக்கிறது. பவரின் கதையில் எல்லாரும் ‘அவன்’. இளையவன் மட்டும் இல்லை, தகப்பனும் ‘அவன்’தான், பங்கிட்டுக் ‘கொடுத்தான்’, மகனைக் கண்டு ‘முத்தஞ்செய்தான்’. மரியாதை வடிவம் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. கதையைச் சொல்லுகிற இயேசுவுக்கு ‘அவர்’ போட்டிருக்கிறார்கள். ஆபிரகாம்கூட அந்த வேதாகமத்தில் ‘அவன்’தான் என்பதைப் பார்த்தால் கணக்கு விளங்கும். மேலே கடவுள், கீழே மனிசர், நடுவில் வேறு படி கிடையாது.

திருவிவிலியத்தில் எல்லாரும் ‘அவர்’. தகப்பன், மூத்தவர், வீட்டு ஊழியர், பன்றி மேய்க்கிற இளையவர் எல்லாருக்கும் ஒரே ‘அவர்’. கிரேக்க வினைச்சொல்லில் இந்த மரியாதை வேறுபாடே கிடையாது. ஆனால் தமிழில் ‘கொடுத்தான்’ அல்லது ‘கொடுத்தார்’ என்று ஒன்றை எழுதாமல் வசனத்தை முடிக்க ஏலாது. ஆகவே ‘மூலத்தில் இருக்கிறதை மட்டும் எழுதினேன்’ என்று இந்த இரண்டு பேரில் ஒருவரும் சொல்ல முடியாது. மூலத்தில் இல்லாத ஒன்றை இரண்டு பேரும் ஒவ்வொரு வசனத்திலும் சேர்த்திருக்கிறார்கள், வேற வழி இல்லாமல்.

எது சரி? எங்களுக்குள் இதில்தான் அதிகம் சண்டை. ஒரு கட்சி சொன்னது, கூலியாளையும் ‘அவர்’ என்று எழுதுவது சின்ன விசயம் இல்லை என்று. எங்கட ஊர்களில் ஆரை ‘அவர்’ எண்டுறது, ஆரை ‘அவன்’ எண்டுறது என்பது சாதியோட சேர்ந்து வந்த கணக்கு. வயது முதிர்ந்த ஒரு தொழிலாளியைப் பத்து வயசுப் பிள்ளை ‘வா, போ’ என்று கூப்பிட்ட காலத்தைச் சொல்லுகிற ஆக்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கினம். கோயிலில் வாசிக்கிற புத்தகம் ஊழியருக்கும் ‘அவர்’ கொடுப்பதற்கு ஒரு பொருள் உண்டு.

மற்றக் கட்சி சொன்னது, கதை கெட்டுப்போகுது என்று. சொத்தை எல்லாம் அழித்துப் பன்றித் தீனிக்கு ஆசைப்பட்ட நேரத்திலும் அந்தப் பெடியன் ‘அவர்’ ஆகவே இருந்தால் விழுந்தது எங்க தெரியும்? குழப்பமும் வருகிறது. 15ஆம் வசனத்தில் ஊர்க்காரர் ஒருவரிடம் இவர் அண்டிப் போகிறார். அடுத்து ‘அவர் அவரை’ வயலுக்கு அனுப்புகிறார். அடுத்த வசனமும் ‘அவர்’ என்று தொடங்குகிறது. ஆர் ஆரை அனுப்பினது, ஆருக்குப் பசி என்பதைச் சத்தமாக வாசிக்கேக்க ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கு. பவர் அந்த இடத்தில் ‘குடியானவன்’ என்று ஒரு பெயரைப் போட்டுத் தப்பிவிட்டார். கிரேக்கத்தில் அந்த இடத்தில் பெயர் இல்லை, வினை மட்டும்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது கூட்டல். ஆனால் கேட்கிறவருக்கு அதுதான் தெளிவு.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேணும். திருவிவிலியத்தில் கதைசொல்லி இளையவரை ‘அவர்’ என்கிறார். ஆனால் தகப்பன் வாயைத் திறந்து மகனைப் பற்றிச் சொல்லும்போது ‘இவன்’ என்கிறார். ஊரார் அவர் எண்டாலும் அப்பாவுக்கு இவன். அந்த மாற்றம் வருகிற இடத்தில் எங்கள் எல்லாருக்கும் என்னவோ செய்தது. பவரில் எல்லாரும் ஏற்கெனவே அவன் என்பதால் தகப்பனுடைய ‘இவன்’ தனியாகக் கேட்காது. மரியாதைப் பன்மையால் வந்த நட்டத்தின் ஒரு பகுதி இந்த இடத்தில் திரும்பி வருகிறது.

‘நீர்’ விசயம் இலங்கைக் காதுக்கு மட்டும் கேட்கிற ஒன்று. இரண்டிலும் மகன்மார் தகப்பனை ‘நீர், உம்முடைய’ என்றுதான் சொல்லுகினம். பழைய எழுத்துத்தமிழில் அது மரியாதை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘நீர்’ இன்னும் வாயில் உயிரோடு இருக்கிறது, வேற வேலைக்கு. வகுப்புத் தோழனுக்கு, மனைவிக்கு, வாத்தியார் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுறது. அப்பாவுக்கு ‘நீங்கள்’தான். ஆகவே திருவிவிலியத்தில் இளையவர் ‘அப்பா’ என்று கூப்பிட்டு உடனே ‘தாரும்’ என்று பங்கைக் கேட்கும்போது எங்களுக்குச் சமவயசுக்காரனிட்டக் கேட்கிற மாதிரிக் கேட்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பொருந்துகிறது. தகப்பன் சாக முன்னமே முதுசத்தைக் கேட்கிறவன் அப்பிடித்தானே கேட்பான். பவரில் அதே இடத்தில் ‘தரவேண்டும்’ என்று பணிவான வடிவம். கேள்வியில் இருக்கிற துடுக்கு அதில் இல்லை.

இனி இரண்டு பேரும் விட்ட இடம். 12ஆம் வசனத்தில் மகன் கேட்பதற்குக் கிரேக்கத்தில் ஒரு சொல், ஊசியா, அதாவது சொத்து. தகப்பன் பங்கிட்டுக் கொடுத்ததற்கு வேறு சொல், பியோஸ். அதற்கு உயிர்வாழ்வு என்றும் பிழைப்பு என்றும் பொருள். மகன் கேட்டது சொத்தை, தகப்பன் பிரித்துக் கொடுத்தது தன் பிழைப்பை. மூத்தவன் 30ஆம் வசனத்தில் கோபத்தில் சொல்லுவதும் அந்தப் பியோஸைத்தான். பவரில் எல்லா இடத்திலும் ஆஸ்தி, திருவிவிலியத்தில் எல்லா இடத்திலும் சொத்து. தகப்பனுக்கு என்ன போனது என்பது இரண்டிலும் தெரியவில்லை. எங்கட பேச்சில் ‘சீவியம்’ என்று ஒரு சொல் இருக்கு. வாழ்வும் அதுதான், பிழைப்பும் அதுதான், ‘சீவியம் போகுது’ என்றால் இரண்டும் சேர்ந்துதான் போகுது. தகப்பன் தன் சீவியத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று எழுதியிருந்தால்? இதை எழுதேக்க எங்களுக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது.

பன்றித் தீனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலத்தில் இருப்பது அந்த நாட்டு மரமொன்றின் உலர்ந்த காய். பவர் ‘தவிடு’ என்றார். தாவரம் பிழை, ஆனால் பன்றி வளர்க்கிற வீட்டில் என்ன போடுவார்கள் என்று தெரிந்தவருக்கு உடனே விளங்கும். திருவிவிலியத்தின் ‘நெற்று’ காய்ந்த காயைச் சரியாகச் சொல்லுகிறது. எங்களில் சிலருக்கு நெற்று என்றவுடன் தேங்காய்தான் நினைவுக்கு வந்தது.

தகப்பன் ஓடிவருகிற இடத்தில் நாங்கள் பவர் பக்கம். கிரேக்கச் சொல் குடல் கலங்குகிற இரக்கத்தைச் சொல்லுகிறது. ‘மனதுருகி’ அதுக்குக் கிட்டப் போகிறது, ‘பரிவு கொண்டு’ அலுவலகக் கடிதம் மாதிரி. மூலத்தில் தகப்பன் மகனின் கழுத்தில் விழுகிறார். பவர் அந்தக் கழுத்தை விடவில்லை. திருவிவிலியம் ‘கட்டித் தழுவி’ என்று பொதுவாகச் சொல்லிப் போய்விட்டது.

மூத்தவன் விசயத்தில் கட்சி மாறினோம். தகப்பனுக்கு இத்தனை வருசம் தான் செய்ததைச் சொல்ல மூலத்தில் அவன் எடுக்கிற வினை அடிமைக்கு உரியது. பவர் ‘ஊழியஞ்செய்து’ என்று எழுத, அது சபையில் நல்ல பொருளில் வழங்குகிற சொல் என்பதால் கசப்பு போய்விடுகிறது. திருவிவிலியம் ‘அடிமை போன்று’ என்றே எழுதியது. வீட்டிலேயே இருந்த பிள்ளை தன்னை மகனாக நினைக்கவில்லை என்பது அந்த இரண்டு சொல்லில் தெரிகிறது. மூலத்தில் இளையவன் தகப்பனோடு பேசும்போதெல்லாம் அப்பா என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறான். மூத்தவன் ஒருக்காலும் கூப்பிடவில்லை. இதை இரண்டு தமிழும் காப்பாற்றியிருக்கு.

அதுக்குத் தகப்பன் சொல்லுகிற பதிலில் மூலம் ‘மகன்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பிள்ளை என்ற பொருள் உள்ள இன்னொரு சொல்லை எடுக்கிறது. இரண்டு தமிழிலும் அது ‘மகனே’. பவரில் மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘குமாரன்’ என்றிருப்பதால் அந்த ‘மகனே’ கொஞ்சம் இறங்கி வந்து பேசுகிற மாதிரிக் கேட்கிறது. திருவிவிலியத்தில் அந்த வித்தியாசம் இல்லை.

கடைசியாக, மூத்தவன் ‘உம்முடைய மகன்’ என்று தள்ளிவைத்தவனைத் தகப்பன் அவனுக்கே திருப்பிக் கொடுக்கிற சொல். மூலத்தில் மூப்பு இளமை காட்டாத பொதுச்சொல். பவர் ‘சகோதரன்’ என்று அந்தப் பொதுத்தன்மையை வைத்திருந்தார். திருவிவிலியம் ‘தம்பி’ என்றது. கதையிலேயே இளையவன் என்று இருப்பதால் அது கூட்டல் இல்லை. கோபத்தில் வாசலில் நிற்கிற ஒருத்தனிட்ட ‘உன் சகோதரன்’ என்று எந்தத் தமிழ்த் தகப்பனும் சொல்லமாட்டார். ஒன்று மட்டும், எங்கட பக்கம் அப்பாமார் சொந்த மகனையும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவினம். அந்த வாசலில் நின்ற மூத்தவனையும்.