ஒன்றுகளின் காவியும் மாக்கோவின் எண்ணிக்கையும்

1913ஆம் ஆண்டிலே உருசியக் கணிதவியலாளர் அந்திரே மாக்கோவ், சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தின் முன் விந்தையானதோர் ஆய்வினைச் சமர்ப்பித்தார். புஷ்கினின் ‘இயூஜின் ஒனேகின்’ என்னும் செய்யுள் நவீனத்தின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, சொல்லிடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கி, எவை உயிர், எவை மெய் என்று தம் கையாலேயே எண்ணியிருந்தார். இலக்கியச் சுவையை அளப்பது அவர் நோக்கமன்று. அவ்வுழைப்பின் பின்னணியிலே ஒரு வழக்கு இருந்தது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தாலன்றிச் சராசரிகள் நிலைபெறா என்றும், சமூகப் புள்ளிவிவரங்களிலே அத்தகைய நிலைபேறு காணப்படுவதால் மனிதச் செயல்கள் சுயேச்சையானவை என்றும் நெக்கிராசோவ் என்னும் மொஸ்கோக் கணிதவியலாளர் 1902இல் வாதிட்டார். சார்புடைய நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறும் என்பதை மாக்கோவ் 1906இல் நிறுவினார். அதற்கு மெய்யான உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டாகவே புஷ்கினின் எழுத்துகள் அமைந்தன.

எண்ணிக்கையின் பேறு இது. 20,000 எழுத்துகளில் உயிர் 8,638, மெய் 11,362. ஓர் உயிரை அடுத்து மீண்டும் உயிர் வந்த இடங்கள் 1,104. எனவே உயிருக்குப் பின் உயிர் வருதற்கான நிகழ்தகவு 0.128. மெய்யை அடுத்து உயிர் வந்த இடங்கள் 7,534; நிகழ்தகவு 0.663. இவ்விரு எண்களுக்குமிடையேயுள்ள வேறுபாடே எழுத்துகள் தம்முன் வந்தவற்றைச் சார்ந்துள்ளன என்பதற்குச் சான்று. இவற்றை ஒரு தாயமாக எழுதலாம். முதல் நிரையும் முதல் நிரலும் உயிருக்குரியவை, இரண்டாவன மெய்க்குரியவை.

```
P = | 0.128  0.872 |
    | 0.663  0.337 |
```

உயிருக்குப் பின் உயிரோ மெய்யோ வந்தே தீரவேண்டும். ஆதலின் ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1 ஆகும். இச்சாதாரணக் கணக்குவழக்கிலிருந்தே ஒரு பெரும் பயன் கிட்டுகின்றது. ஒரு தாயத்தை, உறுப்புகள் யாவும் ஒன்றாகிய நிரற் காவியாற் பெருக்கினால் யாது நிகழும்? ஒவ்வொரு நிரையிலும் உள்ள எண்கள் ஒன்றாற் பெருக்கப்பட்டுக் கூட்டப்படும். அதாவது நிரைக் கூட்டுத்தொகைகளே விடையாக வரும். அவை யாவும் ஒரே எண் s ஆயின், விடை s மடங்கு ஒன்றுகளின் காவியாகும். எனவே ஒன்றுகளின் காவி அத்தாயத்தின் ஐகன் காவி. s அதன் ஐகன் பெறுமானம். மறுதலையும் அவ்வாறே உண்மை. ஒன்றுகளின் காவி ஐகன் காவியாயின் நிரைக் கூட்டுத்தொகைகள் சமமாகவே இருத்தல் வேண்டும். இங்கே s = 1.

இதன் பொருளையும் நோக்குதல் தகும். நிரற் காவியொன்றைத் தாயத்தாற் பெருக்குவது சராசரி காண்பதாகும். உயிருக்கு ஒரு பெறுமதியும் மெய்க்கு ஒரு பெறுமதியும் கொடுத்துப் பெருக்கினால், அடுத்த எழுத்திலே எதிர்பார்க்கத்தக்க பெறுமதி கிடைக்கும். இரண்டிற்கும் ஒரே பெறுமதி கொடுத்தால் சராசரியும் அதுவேயாகும். வேறாக இருக்க வழியில்லை. ஆகவே ஒன்றுகளின் காவி நிலைத்து நிற்பதில் புஷ்கினைப் பற்றிய செய்தி எதுவுமில்லை. எந்த மொழியின் எந்த நூலை எண்ணினும் அது அப்படியே நிற்கும்.

மாணவர் வழுக்கி விழும் இடம் இதுவே. நீண்டகால விகிதத்தைக் கேட்டால், ஐகன் பெறுமானம் 1இற்குரிய காவி இதுவென்று ஒன்றுகளின் காவியைக் காட்டி, உயிரும் மெய்யும் சரிபாதி என்று முடிப்போர் உளர். நீண்டகால விகிதத்தைத் தருவது தாயத்தின் வலப்புறம் நிற்கும் நிரற் காவியன்று. இடப்புறம் நின்று பெருக்கும் நிரைக் காவியாகும். ஆயினும் இரண்டிற்கும் உறவு உண்டு. ஒரு தாயத்தின் நிரைகளை நிரல்களாகத் திருப்பி எழுதினாலும் துணிகோவை மாறாது. ஆகவே ஐகன் பெறுமானங்களும் மாறா. வலப்புறத்திலே 1 உண்டென்பதை ஒன்றுகளின் காவி காட்டிவிட்டமையால், இடப்புறத்திலும் 1இற்குரிய ஒரு காவி இருந்தே தீரவேண்டும். செய்தியற்ற ஒரு காவி, செய்தியுள்ள இன்னொரு காவியின் இருப்புக்கு உறுதியளிக்கின்றது.

அக்காவியைக் கண்டறிவோம். உயிரின் விகிதம் u எனில், 0.128u + 0.663(1 − u) = u. இதிலிருந்து u = 0.663/1.535 = 0.432. எண்ணிக்கையிலிருந்து கிடைப்பதும் 8,638/20,000 = 0.432. இப்பொருத்தத்தைக் கண்டு மகிழ்வதற்குமுன் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1,104ஐயும் 7,534ஐயும் கூட்டினால் 8,638 வருகின்றது. உயிர் ஒவ்வொன்றும் உயிருக்கோ மெய்க்கோ பின்னாலேயே வந்தது என்பதே இதன் கருத்து. ஆகவே பொருத்தம் எண்ணும் முறையிலேயே அடங்கிவிட்டது. அது மாதிரி சரியென்பதற்குச் சான்றாகாது.

மெய்யான சோதனைக்கு மற்றைய ஐகன் பெறுமானத்தை நாடவேண்டும். முதன்மை மூலைவிட்டத்து உறுப்புகளின் கூட்டுத்தொகை, ஐகன் பெறுமானங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன். 0.128 + 0.337 = 0.465; அவற்றுள் ஒன்று 1 என்பது முன்னரே தெரிதலின் மற்றையது −0.535. ஓர் உயிரில் தொடங்கி n எழுத்துகளுக்குப் பின் உயிர் வரும் நிகழ்தகவு 0.432 + 0.568(−0.535)ⁿ என்றாகும். n = 1 ஆயின் 0.128; n = 2 ஆயின் 0.595; n = 3 ஆயின் 0.345. குறை எண்ணாதலின் விடை 0.432இற்குக் கீழும் மேலுமாக ஊசலாடுகின்றது. உயிரும் மெய்யும் மாறிமாறி வர முனைவதன் கணித உருவம் அதுவே. பருமன் ஒன்றிலும் குறைவாதலின் ஊசல் தணிகின்றது. சார்பு இருந்தும் விகிதம் நிலைபெறுகின்றது. நெக்கிராசோவின் கூற்று இங்கே தகர்கின்றது. உயிரும் மெய்யும் தவறாது மாறிமாறியே வந்திருப்பின் அப்பெறுமானம் −1 ஆகியிருக்கும். நிகழ்தகவின் ஊசல் ஒருபோதும் தணிந்திராது. அப்போதும் நிரைக் கூட்டுத்தொகை 1 ஆகவே இருந்திருக்கும்.

இனி n = 2இற்கான 0.595ஐ நூலோடு ஒப்பிடுவோம். மாக்கோவ் மூன்று எழுத்துத் தொடர்களையும் எண்ணியிருந்தார். மூன்றும் உயிராக அமைந்தவை 115. மூன்றும் மெய்யாக அமைந்தவை 505. மெய்யை அடுத்து மெய் வந்தவை 11,362 − 7,534 = 3,828. அவற்றுள் 505 மற்றொரு மெய்யைத் தொடர்ந்தன. எஞ்சிய 3,323 உயிரைத் தொடர்ந்தன. உயிரை அடுத்து மெய் வந்தவை 7,534. அவற்றிலிருந்து இந்த 3,323ஐக் கழித்தால், உயிர்-மெய்-உயிர் என அமைந்தவை 4,211. இவற்றுடன் 115ஐக் கூட்டி 8,638ஆல் வகுத்தால் 0.501 கிடைக்கின்றது. தாயம் 0.595 என்றது, புஷ்கினின் நூல் 0.501 என்கின்றது. ஓர் எழுத்து தனக்கு முன்னுள்ள ஒன்றை மட்டுமன்றி அதற்கும் முன்னுள்ளதையும் சார்ந்திருக்கின்றது. ஒரு மெய்யின் பின் மெய் வரும் நிகழ்தகவு 0.337 ஆயிருக்க, இரு மெய்களின் பின் அது 505/3,828, அதாவது 0.132 ஆகக் குறைவதும் இதனையே கூறும்.

நிரைகளின் கூட்டுத்தொகை 1 எனச் சரிபார்ப்பது கணக்கிலே தவறில்லை என்பதை மட்டும் காட்டும். ஒன்றுகளின் காவியும் விகிதக் காவியும் பிழையான மாதிரியிலும் பிழையின்றி வாய்க்கும். தாயம் நூலை எவ்வளவு தூரம் பின்தொடர்கின்றது என்பதை அறிய, அதன் வர்க்கத்தை எடுத்து, இரண்டு எழுத்து இடைவெளியில் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.