பதினாறு பேறும் ஐந்து பேறும்

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்னும் வாழ்த்தின் சிக்கல் 'பெற்று' என்ற சொல்லில் இருக்கிறது. கல்வி, புகழ், நோயின்மை முதலான பதினாறு பேறுகளை அடைவதையே அது குறிக்கிறது. ஆயினும் பிள்ளை பெறுவதற்கும் தமிழில் அதே வினைதான். தமிழர் இரண்டையும் ஒருசேரக் கேட்டுச் சிரித்துக்கொள்வர். மாண்டரினில் அடைதலும் ஈனுதலும் வெவ்வேறு வினைகள். மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

அத்திபெலேயில் நடந்த திருமண வரவேற்பொன்றில் அந்தத் தேர்வு மணமகளின் தோழியான ஆய்வு மாணவி ஒருத்தியிடம் வந்து சேர்ந்தது. மணமகனின் தாத்தாவும் பாட்டியும் சீனாவிலிருந்து வந்திருந்தனர். இருவரும் எண்பதைக் கடந்தவர்கள். வாழ்த்துரை வழங்கவிருந்தவர் மணமகளின் தாய்மாமன். அவர் எழுதிவைத்திருந்த தாளை மாணவி முதல்நாளே வாங்கிப் படித்தாள்.

'பதினாறு பிள்ளைகள்' என்று பெயர்த்தால் அது வெறும் நகைப்போடு நில்லாது. சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கை 2015 வரை நடைமுறையில் இருந்தது. அம்முதியவர்களுக்கு இந்த மணமகன் ஒருவனே பேரன். எனவே அவள் 'அடைதல்' என்ற பொருளைத் தேர்ந்தாள். சீனரிடம் 'வூ ஃபூ' என்னும் ஐம்பேறு உண்டு: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலமும் அமைதியும், அறத்தில் விருப்பம், இயல்பான நல்லிறப்பு. "உங்களுக்கு ஐந்து ஃபூ, தமிழர் பதினாறு எண்ணுவர், அத்தனையும் இவர்களுக்குக் கிட்டுக" என்று அவள் அமைத்தாள்.

அடுத்த வரி இன்னும் கடினம்: "என் மகனுக்கென்று நினைத்திருந்த பெண்." அவையோர் ரசிக்கும் உரிமைக் கேலி அது. மாண்டரினிலோ மாமன் மகனுக்கு அத்தை மகள் 'பியாவ் மெய்'. அச்சொல்லிலேயே 'தங்கை' இருக்கிறது. அத்தகைய மணத்தைச் சீனத்தின் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தடுத்தும்விட்டது.

"மாமா, இந்த வரியை விட்டுவிடலாமா?" என்று கேட்டாள்.

"அதை விட்டால் நான் எதற்கம்மா மேடை ஏற வேண்டும்?" என்றார் அவர்.

அவர் சொன்னது நியாயமே. தாய்மாமன் பேசுகிறார் என்பதன் பொருளே அந்த உரிமையில்தான் இருக்கிறது. அவள் முதியவர்களின் இளமைக்காலச் சீனத்தில் விடை தேடினாள். அங்கும் ஒருகாலத்தில் மாமன், அத்தை மக்கள் மணந்துகொண்டனர்; 'செம்மாடக் கனவு' என்ற புகழ்பெற்ற நாவலின் நாயகன் காதலிப்பது அத்தகைய உறவுப் பெண்ணைத்தான். அவ்வழக்கத்துக்கு 'உறவின்மேல் உறவு சேர்த்தல்' என்று பொருள்படும் தொடரொன்றும் உண்டு: 'ச்சின் ஷாங் ஜியா ச்சின்'. அதை வைத்து, "எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வீட்டுக்கே முதல் உரிமை, நானும் உறவின்மேல் உறவு சேர்க்க நினைத்தேன், இவளோ புது உறவைத் தேடிக்கொண்டாள்" என்று பெயர்த்தாள்.

மேடையில் அவர் இரண்டு வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்தினார். அந்த வரிக்குத் தமிழர் முதலில் சிரித்தனர். சற்றுப் பின்னே தாத்தா சிரித்துவிட்டு, பாட்டியிடம் குனிந்து அந்தத் தொடரைத் திரும்பச் சொன்னார்.

'பெற்று' என்ற சொல்லின் இரட்டைப் பொருள் மட்டும் மாண்டரினுக்குள் வரவில்லை. அது இழப்புத்தான். ஆனால் தாய்மாமனின் உரிமை முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அன்று சொல்லப்பட வேண்டியிருந்தது அதுவே.