சமையல்கட்டு அக்காவின் படம்

நம்ம கோயில் சமையல்கட்டுல காய் நறுக்கின அக்கா போன மாசம் தவறிட்டாங்க. பதினாறாம் நாள் படையலுக்குப் படம் வேணும்னு அவங்க மகன் கேட்டார். கேமராவைக் கண்டாலே ஒதுங்கிப் போறவங்க அவங்க. ஐசியில இருக்கிறது ரொம்பப் பழைய படம். கடைசியில் கிடைச்சது, பால்குட ஊர்வலத்துல எடுத்த ஒரு கூட்டப் படம். மூணாவது வரிசைக்குப் பின்னால அக்கா முகம் மட்டும் கடுகளவு தெரியுது.

முதல்ல நான் ஒரு தப்பு செஞ்சேன். வாட்சப்புல வந்த படத்தையே வெட்டி, முகத்தைத் தெளிவாக்குற ஒரு ஆப்ல போட்டேன். பளிச்சுனு ஒரு முகம் வந்துச்சு. அவங்க தங்கச்சி பார்த்துட்டு, "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது யாரு?"ன்னு கேட்டாங்க. கன்னத்து மச்சம் இல்ல, மூக்குத்தி இல்ல, நெத்திச் சுருக்கமும் இல்ல. அந்த மாதிரி ஆப் மறைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தர்றது இல்ல. தெரியாத இடத்தை வேற முகங்கள்ல பழகினதை வெச்சு நிரப்புது. அக்கா படத்துக்கு முன்னால விளக்கேத்தணும்னா, அது அக்காவா இருக்கணும்.

அப்புறம் படம் எடுத்த தம்பியைத் தேடிப் போனேன். அவர்கிட்ட மூலப்படம் இருந்துச்சு. அகலம் 6000 புள்ளி. வாட்சப்புல வந்ததோ 1600 புள்ளிதான். அதுல அக்கா முகம் 30 புள்ளி அகலம், மூலப்படத்துல 112 புள்ளி. மச்சம் அதுல தெரிஞ்சுச்சு!

தோளோட சேர்த்து வெட்டினோம். ரெண்டு மடங்கு பெரிசாக்கினோம். அதனால புதுசா எதுவும் தெரியாது, அச்சுல கட்டம் கட்டமா உடையாம இருக்கும், அவ்வளவுதான். நிழல்ல இருந்த முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினோம். கூர்மையைக் கூட்டினப்போ மூக்கைச் சுத்தி வெள்ளைக் கோடு வந்துச்சு, உடனே குறைச்சிட்டோம். நிறப்புள்ளி இறைஞ்சு கிடந்ததால கறுப்பு வெள்ளையா மாத்தினோம்.

மகன் பெரிய ஃபிரேம் கேட்டார். நான் வேணாம்னேன். 4ஆர் அளவுல முகம் 3 சென்டிமீட்டர் அகலம் வரும், ஒரு எட்டு தள்ளி நின்னா நல்லாவே தெரியும். அதையே இரு மடங்கு பெரிசாப் போட்டா வெறும் மங்கல்தான் மிஞ்சும்.

படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனா தங்கச்சி கையில வாங்கினதும், "அக்கா"ன்னு சொல்லி அழுதுட்டாங்க.

ஒரு வேண்டுகோள். இப்படிப் படம் தேவைப்பட்டா, எடுத்தவர்கிட்ட மூலப்படத்தை வாட்சப்புல டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அளவு குறையாம வரும். அடுத்த திருவிழாவுல சமையல்கட்டுக்கும் ஒரு தடவை வந்து, அங்க இருக்கிறவங்களைக் கிட்டப் போய் எடுங்க.