வெளிநாட்டு கிராண்ட்: பவுண்டில் வருது, ரூபாயில் சம்பளம், டாலரில் மெஷின்

முதல் தடவையா வெளிநாட்டு ஆராய்ச்சி கிராண்ட் கிடைச்சிருக்கிற இளம் டாக்டர்களுக்கு ஒரு த்ரெட். ஸ்டடி டிசைன் பத்தி சொல்லித் தர நிறைய பேர் இருக்காங்க. வர்ற பணத்தை மூணு வருஷத்துக்கு எப்படிப் பிரிக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல. 🧵

1/ உங்கள் பட்ஜெட்டில் மூன்று கரன்சி இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. பிரிட்டிஷ் நிதி பவுண்டில் வருது. ஸ்டாஃப் நர்ஸ், களப்பணியாளர் சம்பளம் ரூபாயில். இறக்குமதி மெஷினோட விலை பெரும்பாலும் டாலரில். கொட்டேஷன் ரூபாயில் இருந்தாலும், அதுக்குப் பின்னாடி டாலர்தான் நிக்குது.

2/ ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று வருடம், வருடத்துக்கு 30,000 பவுண்ட். 2022 ஜனவரியில் பட்ஜெட் போடுறீங்க. அப்போ பவுண்ட் சுமார் 100 ரூபாய், டாலர் சுமார் 74.50. முதல் வருட வரவு 30 லட்சம். சம்பளம் மாதம் 1 லட்சம், அதாவது 12 லட்சம். 20,000 டாலர் மெஷின் 14.9 லட்சம். மீதி 3.1 லட்சம் ரீஏஜென்ட்டுக்கும் பயணத்துக்கும். பேப்பரில் அழகா இருக்கு.

3/ ஒப்பந்தம், எத்திக்ஸ் கமிட்டி எல்லாம் முடிஞ்சு பணம் வந்தது செப்டம்பர் கடைசி வாரம்னு வைங்க. அந்த வாரம் பிரிட்டனில் மினி பட்ஜெட் அறிவிச்சு பவுண்ட் சரிஞ்சது. 26-ம் தேதி பவுண்ட் சுமார் 87 ரூபாய். அதே நாளில் டாலர் சுமார் 81.50.

4/ இப்போ அதே 30,000 பவுண்ட் 26.1 லட்சம்தான். மெஷின் 16.3 லட்சம் ஆயிடுச்சு. சம்பளம் மாறல, 12 லட்சம். செலவு மொத்தம் 28.3 லட்சம். ரீஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன்னாடியே 2.2 லட்சம் துண்டு விழுது. "ரூபாய் மதிப்பு குறைஞ்சா வெளிநாட்டுப் பணத்துக்கு லாபம்தானே"ன்னு சொல்வாங்க. எந்தக் கரன்சிக்கு எதிரா குறைஞ்சதுன்னு அவங்க பார்க்கிறதில்ல.

5/ அதனால வரவைக் கணக்கிடும்போது இன்றைய ரேட்டைப் போடாதீங்க. அதைவிட 8-10% குறைச்சுப் போடுங்க. டாலர் செலவை 5% கூட்டிப் போடுங்க. இப்படிப் போட்டும் மேலே சொன்ன செப்டம்பரைத் தாங்காது, ஆனா அடி பாதிக்கும் மேல குறையும். கூகுளில் தெரியும் ரேட் வேற, பேங்க் தரும் ரேட் வேற என்பதையும் மறக்காதீங்க.

6/ மெஷின் ஒரு தடவை செய்யும் ஆபரேஷன் மாதிரி. சம்பளம் சுகர் மாத்திரை மாதிரி, நடுவில் நிறுத்த முடியாது. ரேட் அடிச்சா மெஷினைத் தள்ளிப்போடலாம், சின்ன மாடல் வாங்கலாம். ஆறு மாதம் ஃபாலோ-அப் பண்ண களப்பணியாளரை அனுப்பிட்டா டேட்டாவே போச்சு. அதனால சம்பளத்தை முதல்ல தனியா எடுத்து வைங்க.

7/ எடுத்து வைக்கும்போது 12-ஐ மூணால பெருக்கி 36 லட்சம்னு போடாதீங்க. 8% இன்கிரிமென்ட் கொடுத்தா 12, 12.96, 14 என்று கிட்டத்தட்ட 39 லட்சம் வரும். அந்த 3 லட்சம் மூணாவது வருஷத்துலதான் கண்ணுக்குத் தெரியும். அப்போ கேட்டுப் பயனில்லை.

8/ மெஷின் வாங்குறதா இருந்தா பணம் வந்த முதல் மாதங்களிலேயே வாங்குங்க. எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் வரவு வைக்கப்படும்போதே பவுண்ட் ரூபாயாகிடுது. அப்புறம் டெண்டர் எட்டு மாதம் இழுத்தா, கையில் இருப்பது ரூபாய், ஓடிக்கிட்டிருப்பது டாலர் விலை. பணம் வரும் முன்பே கொட்டேஷன் வாங்கி, கமிட்டியை முடிச்சு வைங்க. எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும்னு எழுத்தில் கேளுங்க. மூணு வருஷ பராமரிப்பையும் அதே விலைக்குள் பேசிடுங்க. வாரண்டி முடிஞ்ச பிறகு பேசினா தனிச் செலவு.

9/ கையெழுத்துப் போடும் முன் நிதி தருபவரிடம் மூணு கேள்வி. கரன்சி நஷ்டத்தை யார் ஏத்துக்கணும்? ஒரு தலைப்பிலிருந்து இன்னொண்ணுக்கு எத்தனை சதவீதம் அனுமதி கேட்காம மாத்தலாம்? மீதிப் பணத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாமா? பதில் மெயிலில் வரட்டும், போனில் வேண்டாம்.

10/ மூணாவது கேள்வி ஏன் முக்கியம்னா, 2023 நடுவில் பவுண்ட் மறுபடி 100 ரூபாய்க்கு மேல இருந்துச்சு. ரெண்டாவது தவணை அப்போ வந்தவங்களுக்குக் கணக்கில் கூடுதல் இருந்திருக்கும். அதைப் பார்த்ததும் புது லேப்டாப், கான்ஃபரன்ஸ்னு கை போகும். எடுத்துப் போக அனுமதி இருந்தா அதைத் தொடாதீங்க. முதல் வருஷம் விழுந்த துண்டை அடைக்கவும், மூணாவது வருஷச் சம்பளத்துக்கும் அதுதான் இருக்கு.

கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணனிடம் இந்த த்ரெட்டைக் காட்டி, உங்க எக்செல்லில் மூணு கரன்சிக்கும் தனித்தனி காலம் போட்டுத் தரச் சொல்லுங்க. ரேட்டை ஒரே செல்லில் வைங்க. மாசம் ஒரு தடவை மாத்திப் பார்த்தா போதும்.