மெஷின் காற்றில் கிருமி இல்லை

"அவருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லையே சிஸ்டர், மெஷின் வைத்த பிறகு எப்படி நிமோனியா வந்தது?" ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்த காலத்தில் உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். வென்டிலேட்டர் அனுப்பும் காற்றில் கிருமி இருக்கிறது என்றே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது நோயாளியின் வாயிலிருந்துதான் வருகிறது.

மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்ன பலூன் இருக்கும். காற்று கசியாமல் அடைப்பது அதன் வேலை. வாயில் ஊறும் எச்சில் தொண்டை வழியே இறங்கி அந்த பலூனுக்கு மேல் தேங்கும். பலூனின் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குக் கசியும். நமக்கென்றால் உடனே இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். மயக்க மருந்தில் இருப்பவருக்கு அது முடியாது. ஐ.சி.யூ.வில் சில நாள் இருந்தாலே வாயில் முரட்டுக் கிருமிகள் குடியேறிவிடும்.

பூச்சிமருந்து குடித்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். அந்த விஷத்தில் எச்சில் ஊற்றாகச் சுரக்கும். நான்கு நாள் நன்றாகத் தேறி வந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். சக்ஷனில் வந்த சளி மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. 40 சதவீத ஆக்சிஜன் போதுமாக இருந்தவருக்கு 60 தேவைப்பட்டது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் புதிய நிழல். வென்டிலேட்டர் வைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு இப்படி வந்தால் இந்த நிமோனியாவைத்தான் சந்தேகிப்போம். முந்தைய நாள் ஸ்கேனுக்குப் போய் வந்தபின் இரவு முழுக்கக் கட்டில் தட்டையாகவே இருந்தது தெரியவந்தது. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வாரத்தில் எடுக்க வேண்டிய டியூப், மூன்று வாரம் இருந்தது. பிழைத்து வீடு போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கியது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருக்கிறதா? பலூன் அழுத்தத்தை அளந்தாயிற்றா? 20-க்குக் கீழே போனால் கசியும், 30-ஐத் தாண்டினால் மூச்சுக்குழாய் புண்ணாகும். பல் துலக்கியாயிற்றா? காலையில் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாயிற்றா? இவற்றில் பெரியது கடைசிக் கேள்விதான். டியூப் இல்லாத தொண்டையில் பலூன் கசிவும் இல்லை.

முன்பு குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாயைத் துடைப்போம். அதன் பலன் குறித்துப் பின்னர் சந்தேகம் எழுந்தது. 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அதை விட்டு பிரஷ்ஷால் பல் துலக்கவே சொல்கிறது.

இவை அனைத்தையும் செய்தாலும் சிலருக்கு வரத்தான் செய்யும். ஆனால் மூன்றைச் செய்து ஒன்றை விட்டால், அன்றைய அட்டையில் 'செய்யவில்லை' என்றுதான் எழுதுவோம். உங்கள் வீட்டில் யாராவது வென்டிலேட்டரில் இருந்தால், "தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா? இன்று மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தீர்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.