மூத்தம்மாவின் சங்கிலி

வாப்பா கடைக்குப் போயிருந்த நேரம். பையுடன் வந்த இருவர், "காசு வேண்டாம் உம்மா, பாருங்களேன்" என்று எங்கள் பித்தளைப் பன்னீர்ச் செம்பை ஏதோ தூளால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். அதைக் கண்டதும் மூத்தம்மா தன் மூன்று பவுண் சங்கிலியைத் தானாகவே கழற்றிக் கொடுத்தார்.

உம்மா நீட்டிய அலுமினியச் சட்டியை வேண்டாமென்று, தங்கள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் திராவகத்தை ஊற்றினார்கள். மஞ்சள் தூள் கேட்டார்கள். குசினிக்கு ஓடி எடுத்துவந்தவள் நான்தான். அதைத் திராவகத்தில் தூவிச் சங்கிலியை அமிழ்த்தினார்கள். மூக்கை அரிக்கும் புகை வந்தது. கால் மணித்தியாலத்தில் கழுவிக் கடதாசியில் சுற்றித் தந்து, "கொஞ்ச நேரம் திறக்க வேண்டாம்" என்றார்கள். திராவகத்தை மட்டும் கவனமாகப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனார்கள்.

சங்கிலி மின்னத்தான் செய்தது. ஆனால் அதன் பூ வேலைப்பாடு மழுங்கியிருந்தது. நகைக்கடைத் தராசு 24 கிராமுக்குப் பதிலாக 19.5 காட்டியது.

உயர்தர வகுப்பு இரசாயனவியலில்தான் எனக்கு அது விளங்கியது. நைத்திரிக் அமிலமோ ஐதரோகுளோரிக் அமிலமோ தனியாகத் தங்கத்தைக் கரைக்காது. செறிந்த நிலையில் ஒன்றுக்கு மூன்றாகச் சேர்ந்தால் இராச திராவகமாகித் தங்கத்தைக் கரைத்துவிடும். அலுமினியச் சட்டியென்றால் உடனே நுரைத்துப் பொங்கியிருக்கும். கரைந்த தங்கம் திராவகத்தை மஞ்சளாக்கும். அதைக் கண்டு நாங்கள் சந்தேகப்படாதிருக்கத்தான் அந்த மஞ்சள் தூள். பின்னர் பெரசு சல்பேற்று சேர்த்தால் தங்கம் கபிலத் தூளாக அடியில் படிந்துவிடும். போத்தலில் போனது எங்கள் நாலரைக் கிராம்.

தராசின் எண்ணை வாப்பாவுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். மஞ்சள் தூளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.